நிழலைப் பார்த்து ஓவியத்தை அறிவது

கலை வரலாற்றுப் புத்தகங்களில் மாணவர்களை அதிகம் குழப்புவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி பிரான்ஸைப் பற்றிய அத்தியாயம்தான். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நடந்த கதை. ஒரே ஊரில், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த ஓவியர்கள். ஒருவர் இன்னொருவரின் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார், சண்டை போடுகிறார், பிரிந்து போகிறார். அத்தியாயத்தைப் படித்து முடித்துக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால், இம்ப்ரஷனிசத்துக்கு நேரே 'பிரகாசமான வண்ணங்கள், அன்றாட வாழ்க்கைக் காட்சிகள், கண்ணுக்குத் தெரியும் தூரிகைத் தீற்றுகள்' என்று எழுதுவோம். அடுத்த இயக்கத்துக்கு வந்தால் அங்கும் அதையே எழுத வேண்டியிருக்கும். சூராவிடம் பிரகாசமான வண்ணம் இல்லையா? வான் கோவிடம் தூரிகைத் தீற்று தெரியவில்லையா? செசான் வரைந்த ஆப்பிளைவிட அன்றாடமான பொருள் உண்டா?

அந்தக் குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது படங்களை வருணிக்கிறது, பிரித்துக் காட்டவில்லை. ஓர் இயக்கத்தின் அடையாளம் என்று எதை எழுதினாலும் அது இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். பெயர்ப் பலகையை மூடிவிட்டுப் பார்த்தாலும் அது படத்திலேயே தெரிய வேண்டும். பக்கத்து இயக்கத்துப் படத்தில் அது தெரியக் கூடாது. இந்த இரண்டையும் வைத்துச் சலித்தால் அத்தியாயத்தில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். யார் யாருக்கு நண்பர், எந்தக் காபிக் கடையில் கூடினார்கள், யாருக்குப் பணக் கஷ்டம் என்பதெல்லாம் படிக்கச் சுவையானவைதான், ஆனால் சுவரில் மாட்டிய படத்தின் முன் நிற்கும்போது கைகொடுக்காது.

எஞ்சுவதையும் சுருக்கி ஒரே கேள்வியில் அடக்கலாம் என்பது என் எண்ணம். இந்த ஓவியர் நிழலை என்ன செய்தார்? ஒளியை எல்லோரும் கொண்டாடினார்கள், அதில் வித்தியாசம் காண்பது கடினம். நிழலில்தான் ஒவ்வொருவரும் தனி வழி போனார்கள்.

அவர்களுக்கு முன் ஓவியப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த நிழல் பழுப்பு நிறம். கான்வாஸில் முதலில் பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசுவார்கள். இருட்டான பகுதிகளை அதே பழுப்பில் ஆழமாக்கிவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் வெள்ளை கலந்த வண்ணத்தைத் தடிப்பாக வைப்பார்கள். சன்னல் வழியாக ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் அறைக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். முகம் இருட்டிலிருந்து உருண்டு திரண்டு வெளியே வருவது போல் இருக்கும். வெளியில் எடுத்துப்போனால்தான் சிக்கல். வெயிலில் நிற்கும் மரத்தடியில் பழுப்பு நிழலை வைத்தால், மரம் வெயிலில் நிற்பதாகவே தோன்றாது.

ஏன் என்பதை வீட்டு மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். காலை பத்து மணி வெயிலில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், காயப்போட்ட வெள்ளை வேட்டியில் விழும் கொடிக்கம்பத்தின் நிழலைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே நிழலை மட்டும் பாருங்கள், பிறகு வெயில் படும் துணியை மட்டும் பாருங்கள். நிழல் நீலமாக மாறியிருக்கும். அந்த இடத்தில் சூரியனின் நேர் ஒளி விழவில்லை. அதற்கு வெளிச்சம் தருவது வானம், வானமோ நீலம். குழல் இல்லாமல் பார்க்கும்போது மூளை இந்த நீலத்தைக் கழித்துவிடுகிறது. துணி முழுவதும் ஒரே வெள்ளை என்று அதற்குத் தெரியும், அதனால் வெளிச்சத்தின் நிற வேறுபாட்டைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. ஓவியப் பள்ளியின் பழுப்பு நிழல், மூளைக்குத் தெரிந்ததை வரைந்தது. வெளியே வந்த இளைஞர்கள் கண்ணில் விழுந்ததை வரைய முயன்றார்கள்.

குளோத் மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'மேக்பை' என்ற படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி மூடிய தோட்டம், குறுக்கே ஒரு வேலி, இடப்பக்கம் மரப் படல் ஒன்றின் மேல் ஒற்றைக் கறுப்பு வெள்ளைப் பறவை. சூரியன் வேலிக்குப் பின்னால் தாழ இருப்பதால், வேலியின் நிழல் பனிமேல் நம்மை நோக்கி விழுகிறது. அந்த நிழல் முழுக்க முழுக்க நீலமும் ஊதாவும். பழுப்பு துளியும் இல்லை. 1869ஆம் ஆண்டின் சலோன், அதாவது அரசு ஆதரவில் நடந்த பெரிய கண்காட்சி, இந்தப் படத்தை நிராகரித்தது. இன்று பார்த்தால் அதில் கலகமாக எதுவும் தெரியாது, அவ்வளவு இயல்பாக இருக்கிறது. இயக்கத்துக்குப் பெயர் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இயக்கத்தின் அடையாளம் அங்கே இருக்கிறது. பெயர் 1874இல் வந்தது. நதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோவில் இவர்கள் தனியாக நடத்திய கண்காட்சியைப் பத்திரிகையாளர் லூயி லெருவா கிண்டலடித்து எழுதியபோது, மோனேயின் 'இம்ப்ரஷன், சூரியோதயம்' என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

நீல நிழல் மட்டும் போதாது, அது எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிழல் நகரும், ஒரு மணி நேரத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். அதனால் வெளியில் நின்று வரைபவர் முதல் பூச்சு காயும்வரை காத்திருக்க முடியாது. ஈர வண்ணத்தின் மேலேயே ஈர வண்ணத்தை இழுக்கிறார். ஒரு தீற்றின் நுனியில் பக்கத்து நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அருகில் போய்ப் பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கோடு இல்லை, இரண்டும் குழைந்த ஓரம்தான் இருக்கிறது. இந்த வேகத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் எண்ணெய் வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது. ஒருமுறை குத்திவிட்டால் சீக்கிரம் இறுகிவிடும். மூடி திருகும் குழாய் வந்த பின்புதான் பத்துப் பதினைந்து வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவது எளிதாயிற்று. உண்மையில் போனார்கள் என்பதற்குச் சான்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மோனே 1870இல் வரைந்த 'துருவில் கடற்கரை' படத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் சிக்கிக் காய்ந்திருக்கின்றன.

இனி ஜோர்ஜ் சூரா. 1886இல், இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சியில் அவருடைய 'லா கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு பிற்பகல்' வைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். இப்போது சிகாகோவில் இருக்கிறது. முன்பகுதியில் அகலமான நிழல் பட்டை, அதற்கப்பால் வெயில் படும் புல்வெளி. நிழல் இங்கும் குளிர்ந்த நிறம்தான். ஆனால் கிட்டே போனால் குழைந்த தீற்று எதுவும் இல்லை. புல்லின் பச்சைக்குமேல் நீலப் புள்ளிகள், ஊதாப் புள்ளிகள், இடையிடையே சூரிய ஒளிக்காகச் சில ஆரஞ்சுப் புள்ளிகள், எல்லாம் தனித்தனியாக. அடிப்பூச்சு காய்ந்தபின் வைத்தவை அவை. சூரா இதைத் தீவில் நின்று முடிக்கவில்லை. அங்கே போய்ச் சின்னச் சின்ன ஆய்வுப் படங்கள் வரைந்துவந்து, பெரிய கான்வாஸை ஸ்டுடியோவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து முடித்தார். நகரும் நிழலை விரட்டிப் பிடிப்பது மோனேயின் வேலை. சூரா நிழலைக் கணக்குப் போட்டுக் கட்டினார்.

கணக்கு எங்கிருந்து வந்தது? பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரல். கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அங்கே புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. கறுப்பை அடுத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அதன் நிறத்தைக் கண்ணுக்கு மாற்றிக் காட்டின. பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றின் எதிர்நிறத்தை மற்றொன்றின் மேல் ஏற்றுகின்றன என்று 1839இல் ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். மாடி வேட்டியின் நிழல் நீலமாகத் தெரிவதில் வானத்துக்கு ஒரு பங்கு என்றால், பக்கத்து மஞ்சள் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. மோனே கண்ணால் கண்டதை சூரா இந்த விதியாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

சூராவைக் கண்டுபிடிக்கப் புள்ளியைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: உருவத்தின் ஓரம். அவருடைய மனிதர்களில் வெளிச்சம் படும் பக்கத்தை ஒட்டியுள்ள பின்னணி சற்று இருட்டாக்கப்பட்டிருக்கும், நிழலான பக்கத்தை ஒட்டியது சற்று வெளுப்பாக இருக்கும். ஒவ்வோர் உருவத்தையும் மெல்லிய ஒளிவட்டம் சூழ்ந்தது போல் தெரியும். புள்ளி முறைக்கு முழுதாக வருமுன் 1884இல் முடித்த 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' படத்திலேயே இது இருக்கிறது. வயலில் நிற்கும் மனிதரைச் சுற்றி இப்படி ஓரம் கட்டிக்கொண்டிருந்தால் மோனேக்கு வெயில் போய்விடும்.

புள்ளிகளைப் பற்றிப் புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒன்றை அப்படியே நம்ப வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளிகள் கண்ணில் கலந்து, தட்டில் கலப்பதைவிடப் பிரகாசமாகிவிடும் என்பார்கள். கண்ணில் கலக்கும்போது கிடைப்பது சராசரிதான். நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் முழுதாகக் கலந்தால் பளிச்சென்ற பச்சை வராது, சாம்பல் போன்ற ஒரு நிறம்தான் வரும். படத்தின் உயிர்ப்பு, முழுதாகக் கலக்காமல் புள்ளிகள் மினுமினுத்துக்கொண்டிருக்கும் இடைத் தூரத்தில் இருக்கிறது.

அடுத்து வரும் பகுதிக்குப் புத்தகம் ஒரே தலைப்பு போட்டிருக்கும்: பின் இம்ப்ரஷனிசம். குறிப்பெடுப்பவர் இங்கே உஷாராக வேண்டும். இந்தப் பெயரை அந்த ஓவியர்கள் கேட்டதே இல்லை. ஆங்கிலேய விமர்சகர் ரோஜர் ஃப்ரை 1910இல் லண்டனில் நடத்திய கண்காட்சிக்கு வைத்த பெயர் அது. அதற்குள் வான் கோ, கோகென், செசான் மூவரும் இறந்திருந்தார்கள். இம்ப்ரஷனிசத்துக்குப் பிறகு வந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. நோட்டில் அதை ஒரே வரியாக எழுதினால் மூன்று வெவ்வேறு படங்களுக்கு ஒரே அடையாளத்தைத் தேடித் தவிக்க நேரும். மூன்று வரியாக எழுதுவதே சரி, நிழல் கேள்வி அதை உடனே நிரூபிக்கும்.

செசானிடம் நிழல் இருக்கிறது, ஆனால் அது எந்த மணிக்கு உரியது என்று சொல்ல முடியாது. சிகாகோவில் உள்ள 'ஆப்பிள் கூடை' படத்தில் ஒவ்வொரு ஆப்பிளும் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும்போது இருளாவதைவிட நிறம் மாறுகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக, தட்டையான சிறு பட்டைகளாக. ஓரத்தில் நீலக்கோடு. பொருள் வளைகிறது என்று சொல்வதற்கான கருவியாகிவிட்டது நிழல். சூரியன் எங்கே என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தீற்றுகளைப் பார்த்தால் பல ஒரே சாய்வில் அடுத்தடுத்து அடுக்கியவை. சந்தேகம் இருந்தால் அதே படத்தில் மேசையின் முன் விளிம்பைத் தொடர்ந்து பாருங்கள். துணிக்கு இடப்பக்கம் ஓர் உயரத்தில் உள்ளே போகும் விளிம்பு, வலப்பக்கம் வேறு உயரத்தில் வெளியே வருகிறது.

வான் கோ சில படங்களில் நிழலை எடுத்தே விட்டார். 1888 அக்டோபரில் ஆர்ல் ஊரில் வரைந்த 'படுக்கையறை'யில் கட்டில் தரைமேல் நிழல் போடவில்லை, நாற்காலியும் போடவில்லை. விழும் நிழல்களை நீக்கி, ஜப்பானிய அச்சுப்படங்களைப் போலத் தட்டையான நிறங்களில் தீட்டியதாகத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். ஆனால் வண்ணம் தடிப்பானது, தீற்று பொருளோடு ஓடுகிறது. கட்டில் பலகையில் நீளமாக, வயலில் கதிரின் போக்கில், வானத்தில் சுழித்துக்கொண்டு. கோகெனும் அதே 1888இல், எடின்பரோவில் இப்போதுள்ள 'பிரசங்கத்துக்குப் பின் தரிசனம்' படத்தில் நிழலை ஏறத்தாழ கைவிட்டார். வெள்ளைத் தொப்பி அணிந்த பிரெத்தான் பெண்களுக்கு அப்பால் தரை முழுவதும் சிவப்பு. ஆனால் அவருடைய வண்ணம் மெல்லியது, தட்டையானது. உருவங்களைச் சுற்றிக் கறுத்த கோடு கட்டுகிறது. நிழல் இல்லாத படம் என்றால் வண்ணத்தின் தடிப்பைப் பாருங்கள், இருவரில் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த முறை எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்கார் தேகா எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார், புத்தகத்தில் இம்ப்ரஷனிஸ்டு. ஆனால் அவர் வெயிலில் நின்று வரைந்தவர் இல்லை. ஒத்திகை அறையும் நாடக மேடை விளக்கும்தான் அவருடைய உலகம். நீல நிழல் சோதனை அவரிடம் வேலை செய்யாது, அவரைக் கோட்டை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவது சறுக்கல் வேதியியலால் வருவது. 'படுக்கையறை'யின் சுவர் வெளிர் ஊதா என்று வான் கோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று போய்ப் பார்த்தால் நீலம். ஊதாவில் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. கிராந்த் ஜாத்தில் சூரா வைத்த துத்தநாக மஞ்சள் பழுப்பாகிவிட்டது. வெயில் படும் புல்வெளி அவர் நினைத்ததைவிட மங்கி இருக்கிறது. ஆகவே நிறத்தின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், அதிலும் கைப்பேசித் திரையில் பார்க்கும்போது. தீற்றின் திசை, புள்ளியின் வடிவம், ஓரம் குழைந்ததா பிரிந்ததா என்பவை வெளுப்பதில்லை.

இத்தனையையும் சோதித்துப் பார்க்க ஏற்ற ஓவியர் கமீய் பிசாரோ. எட்டுக் கண்காட்சிகளிலும் கலந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். எட்டாவதில் இளைஞர் சூராவைச் சேர்த்தாக வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. ஐம்பத்தைந்து வயதில், இருபது ஆண்டுப் பழக்கத்தை விட்டுவிட்டுப் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார். டல்லஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, 1888இல் முடித்த அவருடைய 'ஆப்பிள் அறுவடை'யை எடுத்துக்கொள்வோம். நடுவில் மரம், கோலால் காய் தட்டும் ஆள், பொறுக்கும் பெண்கள். கருப்பொருளை மட்டும் பார்த்தால் பழைய பிசாரோதான். மரத்தடி நிழலுக்கு வாருங்கள். நீலமும் ஊதாவும், ஆக பழுப்புப் பள்ளி இல்லை. நிழல் ஒரு குறிப்பிட்ட வெயிலுக்கு உரியது, ஆக செசான், வான் கோ, கோகென் மூவரும் விலகுகிறார்கள். மிச்சம் மோனே வழியா, சூரா வழியா என்பதே. நிழலின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். குழைவு இல்லை, ஊதாப் புள்ளிகள் குறைந்துகொண்டே போய், வெயில் பக்கத்து இளஞ்சிவப்பும் மஞ்சளும் கூடிக்கொண்டே வருகின்றன. காய்ந்த பூச்சின் மேல் பொறுமையாக வைத்தவை. படத்தில் பிசாரோ என்று கையெழுத்து இருந்தாலும் இது சூராவின் இயக்கத்துப் படம்.

சில ஆண்டுகள்தான். புள்ளி வைப்பது அவருக்கு மிக மெதுவாக இருந்தது, கண்டதை உடனே பிடிக்கும் கை கட்டுண்டு போனது. 1890 வாக்கில் அதை விட்டுவிட்டார். 1897இல் ஒரு ஹோட்டல் அறைச் சன்னலிலிருந்து பாரிஸின் மோமார்த்ர் பெருவீதியைத் திரும்பத் திரும்ப வரைந்தபோது தீற்றுகள் மறுபடி ஈரமாகக் குழைகின்றன. அந்த வரிசையில் ஒன்றே ஒன்று இரவுக் காட்சி; லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சூரியனும் இல்லை, நீல வானமும் இல்லை. வெளிச்சம் தெருவிளக்குகளிலிருந்தும் கடைச் சன்னல்களிலிருந்தும் வண்டி விளக்குகளிலிருந்தும் வருகிறது. அங்கே நிழலின் நிறத்தைக் கேட்டுப் பயனில்லை, நனைந்த தெருவில் விளக்கொளி முடிந்து இருட்டு தொடங்கும் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.